கிளையன்டின் ஜாதகம்

அப்வொர்க் தளத்தில் ஒரு வேலை அறிவிப்பைத் திறந்தால், ஓரத்தில் About the client என்றொரு சிறிய கட்டம் தெரியும். வேலை தருபவரின் பெயர் அதில் இருக்காது. ஆனால் அவர் எந்த ஊர்க்காரர், எந்த ஆண்டு சேர்ந்தார், இதுவரை எத்தனை வேலைகளை அறிவித்தார், எத்தனை பேரை அமர்த்தினார், மொத்தம் எவ்வளவு பணம் கொடுத்தார் என்பதெல்லாம் இருக்கும். இலான்ஸ், ஓடெஸ்க் என்ற இரண்டு தளங்கள் இணைந்து 2015-இல் அப்வொர்க் என்று பெயர் மாற்றிக்கொண்டதிலிருந்து, வீட்டிலிருந்தே வெளிநாட்டு வேலை எடுக்கும் ஃப்ரீலான்சர்கள் அதிகம் பார்க்கும் பக்கங்களில் இது ஒன்று. ஆனால் பலர் அதில் நட்சத்திரங்களை மட்டும் பார்த்துவிட்டு விண்ணப்பத்தை அனுப்பிவிடுகிறார்கள். விண்ணப்பிக்க ‘கனெக்ட்ஸ்’ செலவாகும். அதுவும் காசுதான், ஒன்றுக்கு 15 சென்ட். 16 கனெக்ட்ஸ் கேட்கும் வேலை என்றால், கிளையன்ட் விண்ணப்பத்தைத் திறந்து பார்க்கும் முன்பே 2.40 டாலர் போய்விடுகிறது. அதனால் கிளையன்டைப் படிப்பது விண்ணப்பத்துக்கு முன்பே தொடங்க வேண்டிய வேலை.

கட்டத்தின் முதல் வரியே அதிகம் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவதும்கூட. Payment method verified என்றால், அவர் ஒரு கார்டையோ வேறு கட்டண வழியையோ கணக்கில் சேர்த்திருக்கிறார், தளம் அதைச் சரிபார்த்திருக்கிறது என்று பொருள். அவ்வளவுதான். அந்தக் கார்டில் பணம் இருக்கிறதா, அவர் சொல்லும் நிறுவனம் உண்மையில் இருக்கிறதா, முடித்த வேலைக்கு மனம் உவந்து காசு கொடுப்பாரா என்பதற்கெல்லாம் அந்த வரியில் பதில் இல்லை. அதேபோல Payment method not verified என்று இருப்பவர் எல்லாம் மோசடிக்காரரும் அல்லர். புதிதாகச் சேர்ந்த பலர், ஆளைத் தேர்ந்தெடுத்த பிறகுதான் கார்டைப் பதிவு செய்கிறார்கள். அவர்களிடம் விண்ணப்பிக்கலாம், பேசலாம். சரிபார்ப்பு முடியும் வரை வேலையைத் தொடங்கக் கூடாது, அவ்வளவே.

பணத்துக்கு உண்மையான காப்பு வேறோர் இடத்தில் இருக்கிறது. மொத்தத் தொகை பேசிச் செய்யும் வேலையில் அதற்குப் பெயர் எஸ்க்ரோ. வேலையைச் சில கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் ‘மைல்ஸ்டோன்’ என்பார்கள். கிளையன்ட் ஒரு மைல்ஸ்டோனுக்குப் பணம் போட்டால் அது அவர் கையிலும் இல்லாமல், வேலை செய்பவர் கையிலும் இல்லாமல் நடுவில் நிற்கும். வேலையைத் தளத்தின் வழியாகவே ஒப்படைத்துவிட்டால், பார்த்துச் சொல்ல அவருக்கு 14 நாள் அவகாசம். திருத்தம் கேட்காமல், ஒப்புதலும் தராமல் சும்மா இருந்தால், பணம் தானாக விடுவிக்கப்படும். இதில் ஓர் ஓட்டை உண்டு. ஐந்து மைல்ஸ்டோன் பேசியிருந்தாலும் பணம் போடப்பட்ட ஒன்றுக்குத்தான் காப்பு. “நீங்கள் இரண்டாவதையும் ஆரம்பியுங்கள், திங்கட்கிழமை பணம் போட்டுவிடுகிறேன்” என்ற ஒரே வாக்கியத்தில் உழைப்பை இழந்தவர்கள் ஏராளம். மணிக்கணக்கு வேலையில் காப்பு வேறு விதம். தளத்தின் கடிகாரச் செயலியை ஓட்டி, அது திரையைப் படம்பிடிக்க அனுமதித்து, என்ன செய்கிறோம் என்று குறிப்பும் எழுதிய நேரத்துக்குத்தான் அது பொருந்தும். கையால் எழுதிச் சேர்த்த மணிகளுக்குப் பொருந்தாது.

அடுத்தது பழைய கணக்கு. இங்கேதான் கொஞ்சம் பேனா எடுத்துக் கணக்குப் போட வேண்டும். ஒரு மாதிரி அறிவிப்பை எடுத்துக்கொள்ளலாம். லண்டனிலிருந்து ஒருவர், தம் இணையக் கடையின் 60 பொருள்களுக்கு விவரணை எழுத ஆள் கேட்கிறார். தொகை 1,500 டாலர். கட்டணவழி சரிபார்க்கப்பட்டது. 2021 முதல் உறுப்பினர். அறிவித்த வேலைகள் 40, அமர்த்திய விகிதம் 35 சதவீதம், அமர்த்தப்பட்டவர்கள் 16 பேர், மொத்தச் செலவு 2,400 டாலர். ஆறு பேர் கொடுத்த மதிப்பீட்டில் சராசரி 4.7. மேலோட்டமாகப் பார்த்தால் நல்ல ஜாதகம்.

40 அறிவிப்பில் 35 சதவீதம் என்றால் 14 வேலைகளுக்குத்தான் ஆள் எடுத்திருக்கிறார். மற்ற 26 அறிவிப்புக்கும் விண்ணப்பித்தவர்களில் யாருக்கும் வேலை கிடைக்கவில்லை. சும்மா விலை விசாரிக்க அறிவிப்புப் போடுபவர்களுக்கு இந்த விகிதம் இப்படித்தான் இருக்கும். ஆனால் இரண்டே அறிவிப்புப் போட்ட புதியவருக்கு இந்த எண்ணைப் பார்ப்பதில் பொருளில்லை. இன்னும் ஆள் தேடிக்கொண்டிருக்கும் வேலையும் அந்தக் கணக்கில் சேர்ந்து விகிதத்தைக் குறைத்துக் காட்டும்.

விகிதத்தைவிடச் செலவைப் பங்கிட்டுப் பார்ப்பது அதிகம் பேசும். 2,400 டாலரை 16 பேருக்கு வகுத்தால் ஆளுக்கு 150 டாலர். சராசரி 150 கொடுத்தவர் இப்போது 1,500 தருகிறேன் என்கிறார். பத்து மடங்கு! கடை பெரிதாகியிருக்கலாம், அல்லது படிவத்தில் ஏதோ ஓர் எண்ணை நிரப்ப வேண்டுமே என்று 1,500 போட்டிருக்கலாம். இரண்டாவதுதான் அதிகம் நடக்கிறது. கட்டத்தோடு நிறுத்தாமல் கீழே இறங்கினால், அவருடைய பழைய ஒப்பந்தங்கள் ஒவ்வொன்றாக வரிசையில் இருக்கும். 20 டாலர், 35 டாலர் என்று வரிசையாகச் சின்னச் சின்ன வேலைகள், ஒரே ஒரு பெரிய வேலை என்றிருந்தால், இவர் பலரிடம் மாதிரி எழுதி வாங்கிப் பார்த்துவிட்டுப் பெரிய வேலையை ஒருவருக்கே கொடுக்கும் ஆள் என்று தெரிகிறது. அதில் தப்பில்லை, மாதிரிக்கும் காசு கொடுத்திருக்கிறார். இலவச மாதிரி கேட்பவர்தான் ஆபத்து.

4.7 என்ற சராசரியைவிட, அது எப்படி வந்தது என்பது முக்கியம். 16 பேரில் ஆறு பேர்தான் கருத்து எழுதியிருக்கிறார்கள். ஒருவர் எழுதியதை மற்றவர் பார்க்காதபடி தளம் மறைத்து வைத்து, இருவரும் எழுதிய பிறகோ 14 நாள் கழிந்த பிறகோதான் வெளியிடுகிறது. இருந்தாலும் கிளையன்டைப் பகைத்துக்கொள்ள யாருக்கும் மனம் வராது. அதனால் “அருமையான கிளையன்ட், மீண்டும் வேலை செய்ய ஆவல்” என்ற ஐந்து நட்சத்திர வரிகளில் சரக்கு குறைவு. “பேசியதற்கு மேல் வேலை வந்துகொண்டே இருந்தது” என்று மூன்று நட்சத்திரம் கொடுத்த ஒருவரின் வரியை இரண்டு முறை படிக்க வேண்டும். கிளையன்ட் மற்றவர்களுக்குக் கொடுத்த மதிப்பெண்ணும் அங்கேயே இருக்கும். தொடர்ந்து பலருக்கு ஒன்று, இரண்டு என்று போட்டிருந்தால், அத்தனை பேருமா சோம்பேறிகள்? ஒரே ஆளை மூன்று நான்கு முறை திரும்ப அமர்த்தியிருந்தால், அதைவிட நல்ல சான்று கிடையாது.

பேச்சு தொடங்கிய பிறகு நிறுவனத்தின் பெயர் வெளியே வரும். லண்டன் நிறுவனம் என்றால் பிரிட்டன் அரசின் கம்பெனீஸ் ஹவுஸ் பதிவேட்டில் பெயரை இலவசமாகத் தேடலாம். பதிவான நாள், அலுவலக முகவரி, இயக்குநர்களின் பெயர், தாக்கல் செய்த கணக்குகள் எல்லாம் அங்கே இருக்கும். முதலில் பார்க்க வேண்டியது Company status என்ற வரி. Active என்று மட்டும் இருந்தால் சரி. Active proposal to strike off என்று இருந்தால், நிறுவனத்தைப் பதிவேட்டிலிருந்து நீக்கும் நடவடிக்கை தொடங்கிவிட்டது என்று பொருள். கணக்கு தாக்கல் செய்யாததே பல நேரம் அதற்குக் காரணம். அங்கே கடன் வைப்பது வீண். அடுத்தது தேதி. இணையதளத்தில் ‘15 ஆண்டு அனுபவம்’ என்று இருக்கும், பதிவேட்டில் நிறுவனத்துக்கு ஐந்து மாத வயது இருக்கும். இணைய முகவரி எப்போது வாங்கப்பட்டது என்பதை lookup.icann.org பக்கத்தில் தேடினால் தேதியோடு வரும். இரண்டு தேதியும் சேர்ந்தே புதிதாக இருந்தால் 15 ஆண்டு எங்கே போனது என்று கேட்கலாம்.

பதிவேட்டில் பெயர் இருப்பது ஒன்றும் நற்சான்றிதழ் அல்ல. கம்பெனீஸ் ஹவுஸ் நெடுங்காலம், கொடுத்த பெயரையும் முகவரியையும் பெரிதாகச் சோதிக்காமலே பதிந்துவந்தது. 2023-இல் வந்த சட்டத்துக்குப் பிறகுதான் நிலைமை மாறியது. இயக்குநர்கள் தங்கள் அடையாளத்தை நிரூபிக்கும் கட்டாயம் 2025 நவம்பர் 18-இல் தொடங்கியது. மறுபக்கம், தனி ஆளாகக் கடை நடத்தும் நேர்மையான வியாபாரி இந்தப் பதிவேட்டில் வரவே மாட்டார். இன்னொரு சங்கடம், நிஜ நிறுவனத்தின் பெயரை வேறொருவர் தூக்கிக்கொண்டு வருவது. மின்னஞ்சல் முகவரியில் ஓர் எழுத்து மட்டும் மாறியிருக்கும். நிறுவனத்தின் சொந்த இணையதளத்தில் உள்ள முகவரிக்கு, “இன்னார் உங்களிடம் வேலை பார்க்கிறாரா?” என்று ஒரு வரி எழுதிக் கேட்டுவிட்டால் முடிந்தது.

தளத்தின் துணையில்லாமல் இந்திய நிறுவனங்களிடம் நேரடியாக வேலை எடுப்பவர்களுக்கு ஜிஎஸ்டி எண் நல்ல பிடி. அதன் 15 எழுத்துகளில் முதல் இரண்டு மாநிலத்தைக் குறிக்கும், தமிழ்நாட்டுக்கு 33. அடுத்த பத்தும் பான் எண். ஆறாவது எழுத்து C என்றால் கம்பெனி, F என்றால் கூட்டு நிறுவனம், P என்றால் தனி நபர். ‘பிரைவேட் லிமிடெட்’ என்று லெட்டர்பேடில் போட்டுக்கொண்டு ஆறாவது எழுத்தில் P வைத்திருப்பவரிடம் விளக்கம் கேட்கலாம். ஜிஎஸ்டி தளத்தில் அந்த எண்ணைப் போட்டால் பதிவு உயிரோடு இருக்கிறதா, ரத்தாகிவிட்டதா என்பதும் தெரியும். எண்ணே இல்லாத சிறு வியாபாரியைச் சந்தேகிக்க வேண்டியதில்லை; விற்றுமுதல் வரம்புக்குக் கீழே இருந்தால் பதிவு கட்டாயமில்லை.

சில அடையாளங்களைப் பார்த்த பிறகு கணக்குப் போடவே தேவையில்லை. ஒப்பந்தம் ஆவதற்கு முன்பே டெலிகிராமுக்கு வரச் சொல்வது, பதிவுக் கட்டணம் கேட்பது, செக் அனுப்பிவிட்டு மிச்சத்தைத் திருப்பி அனுப்பச் சொல்வது எல்லாம் மோசடியின் பழைய வழிகள். ஒப்பந்தத்துக்கு முன் தளத்துக்கு வெளியே பேசுவது அப்வொர்க் விதிகளுக்கும் முரண்.

லண்டன் கிளையன்டுக்கு வருவோம். அவர் மோசடிக்காரர் என்பதற்கு அந்தக் கணக்கில் எதுவும் இல்லை. 1,500 டாலர் ஒரேயடியாக வரும் என்பதற்கும் எதுவும் இல்லை. எனவே 60 பொருளையும் பத்துப் பத்தாகப் பிரித்து, ஒவ்வொரு பத்துக்கும் 250 டாலர் என்று ஆறு மைல்ஸ்டோன் கேட்பதுதான் முறை. முதல் 250 எஸ்க்ரோவில் விழுந்ததை ஒப்பந்தப் பக்கத்தில் கண்ணால் பார்த்த பிறகு முதல் விவரணையை எழுதத் தொடங்கலாம். அவர் மறுத்துவிட்டால் போனது கனெக்ட்ஸுக்குக் கொடுத்த 2.40 டாலர் மட்டும்.