சோற்றிலும் சிப்பியிலும் கன உலோகங்கள்

நாம் அன்றாடம் உண்ணும் சோற்றிலும் வாரத்தில் சில நாள்கள் உண்ணும் இறால், கணவாய், சிப்பி ஆகியவற்றிலும் மிகச் சிறிய அளவில் சில உலோகங்கள் கலந்துள்ளன. அவற்றுள் காரீயம், காட்மியம், ஆர்சனிக் ஆகிய மூன்றும் உணவு ஆய்வாளர்கள் கூர்ந்து கவனிப்பவை. ஆர்சனிக் முழுமையான உலோகம் அன்று; உலோகப் போலி எனப்படும் வகையைச் சேர்ந்தது. இருப்பினும், உணவு மாசு பற்றிப் பேசும்போது அதையும் கன உலோகங்களோடு சேர்த்தே குறிப்பிடுவர். காரீயம் என்பதை நம் நாட்டுச் சுரங்கங்களில் எடுக்கப்பட்ட ஈயத்தோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. அந்த ஈயம் வெள்ளீயம். காரீயம் வேறு தனிமம்.

இந்த உலோகங்கள் சமைப்பதால் அழிவதில்லை. அவை கிருமிகள் அல்ல; தனிமங்கள். எவ்வளவு கொதிக்க வைத்தாலும் தனிமம் தனிமமாகவே இருக்கும். ஆகவே, அவை உணவுக்குள் எப்படி நுழைகின்றன, எவ்வளவு இருந்தால் ஏற்கலாம் என்னும் இரண்டு கேள்விகளுக்கும் விடை காண வேண்டும்.

ஜின்சு ஆற்றங்கரையில் நடந்தது

ஜப்பானின் தோயாமா மாவட்டத்தில் ஜின்சு என்னும் ஆறு பாய்கிறது. ஆற்றின் மேற்பகுதியில் கமியோகா என்னும் சுரங்கம் இருந்தது. அங்குத் துத்தநாகத் தாது வெட்டி எடுக்கப்பட்டது. துத்தநாகத் தாதுவில் காட்மியமும் இயல்பாகவே கலந்திருக்கும். தாதுவைப் பிரித்த பின் எஞ்சிய கழிவு ஆற்றில் கலந்தது. கீழ்ப்பகுதி உழவர்கள் அந்த ஆற்று நீரைத்தான் வயலுக்குப் பாய்ச்சினர். ஆண்டுக்கணக்கில் காட்மியம் வயல் மண்ணில் படிந்தது. மண்ணிலிருந்து நெல்லுக்கும், நெல்லிலிருந்து மனிதருக்கும் சென்றது.

அவ்வட்டாரத்தில் பலருக்கு எலும்பில் தாங்க முடியாத வலி ஏற்பட்டது. பிள்ளைகள் பலரைப் பெற்ற, வயது முதிர்ந்த பெண்களே பெரிதும் பாதிக்கப்பட்டனர். இருமினால்கூட எலும்பு முறியும் நிலைக்குச் சிலர் ஆளாயினர். ‘இத்தாய், இத்தாய்’ என்றால் ஜப்பானிய மொழியில் ‘வலிக்கிறது, வலிக்கிறது’ என்று பொருள். நோயாளிகளின் அந்தக் கதறலே நோயின் பெயராயிற்று. ஹகினோ நொபொரு என்னும் உள்ளூர் மருத்துவர் நோய்க்கும் சுரங்கக் கழிவுக்கும் தொடர்பு உண்டு என்று தொடர்ந்து வாதிட்டார். 1968ஆம் ஆண்டு ஜப்பானிய அரசு, இந்நோய்க்குக் காட்மியமே காரணம் என அறிவித்தது.

எலும்பு நோய்க்குக் காரணமான காட்மியம் முதலில் தாக்குவது எலும்பை அன்று, சிறுநீரகத்தை. உடல் உறிஞ்சிக்கொள்ளும் காட்மியத்தின் கணிசமான பகுதி சிறுநீரகத்தில் தங்குகிறது. அங்குச் சேர்ந்ததில் பாதி வெளியேறவே ஏறத்தாழ 10 முதல் 30 ஆண்டுகள் ஆகும். சேர்ந்துகொண்டே போகும் காட்மியத்தால் சிறுநீரகத்தின் நுண்குழாய்கள் பழுதடைகின்றன. உடல் திரும்பப் பெற வேண்டிய கால்சியமும் பாஸ்பேட்டும் சிறுநீரோடு வீணாகின்றன. அதனால் எலும்பு மென்மையாகிப் போகிறது. மண்ணைச் சீர்செய்வதும் எளிதாக இல்லை. மாசுபட்ட மேல்மண்ணைக் கீழே புதைத்து, அதன்மீது நல்ல மண்ணைப் பரப்பினர். வயல்களைத் திருத்தும் அந்தப் பணி 2012ஆம் ஆண்டில்தான் நிறைவுற்றது.

வயலில் நீர் இருந்தால் ஒன்று, வற்றினால் மற்றொன்று

எல்லா வயலுக்கு மேலும் சுரங்கம் இருப்பதில்லை. அப்படியிருக்க, சாதாரண அரிசியில் உலோகம் எப்படி வருகிறது? பாறைகளிலும் மண்ணிலும் ஆர்சனிக் இயற்கையாகவே உண்டு. வங்காளதேசத்திலும் இந்தியாவின் மேற்கு வங்காளத்திலும் நிலத்தடி நீரிலேயே ஆர்சனிக் கரைந்துள்ளது. அந்த நீரைக் குழாய்க் கிணறுகள் மூலம் இறைத்துப் பாய்ச்சும்போது வயலிலும் அது சேர்கிறது. காட்மியத்தை, சுரங்கக் கழிவோடு சில பாஸ்பேட் உரங்களும் வயலுக்குக் கொண்டுவருகின்றன.

கோதுமை, சோளம் ஆகியவற்றைவிட நெல் ஆர்சனிக்கை அதிகம் எடுத்துக்கொள்வதற்குக் காரணம், அது நீரில் நின்று வளர்வதே. நீர் தேங்கிய மண்ணில் ஆக்சிஜன் குறைந்துவிடும். அப்போது, மண்ணில் ஆர்சனிக்கைப் பிடித்து வைத்திருக்கும் இரும்புச் சேர்மங்கள் கரைகின்றன, ஆர்சனிக் விடுபடுகிறது. நெற்பயிருக்குத் தண்டு உறுதிபெறச் சிலிக்கா நிறையத் தேவை. சிலிக்காவை உறிஞ்ச அதன் வேரில் தனி வழிகள் உள்ளன. விடுபட்ட ஆர்சனிக், சிலிக்காவைப் போன்ற தோற்றத்தில் அதே வழியாக உள்ளே நுழைந்துவிடுகிறது.

அப்படியானால் வயலை அவ்வப்போது வடிய விட்டால் போதாதா? ஆர்சனிக் குறையும் என்பது உண்மை. ஆனால், காட்மியம் இதற்கு நேர்மாறாக நடந்துகொள்கிறது. நீர் தேங்கியிருக்கும்போது காட்மியம் கந்தகத்தோடு இணைந்து, கரையாத சேர்மமாக மண்ணில் அடங்கிக் கிடக்கும். நீரை வடித்தால் காற்று புகும், அச்சேர்மம் சிதையும், காட்மியம் கரைந்து வேரை அடையும். எனவே, ஒன்றைக் குறைக்கப் போனால் மற்றொன்று கூடுகிறது. ஜப்பானில் காட்மியம் மிகுந்த வயல்களில், கதிர் வெளிவரும் காலத்துக்கு முன்னும் பின்னும் சில வாரங்கள் நீரைத் தேக்கி வைப்பர். ஆர்சனிக் மிகுந்த வயல்களிலோ இடையிடையே நீரை வடிப்பர். மண்ணில் எந்த உலோகம் மிகுதி என்பதை அறியாமல் முடிவெடுக்க முடியாது.

காரீயம் இவ்விரண்டையும் போன்றதன்று. அது மண் துகள்களை இறுகப் பற்றிக்கொள்ளும். வேருக்குள் சென்றாலும் பெரும்பாலும் அங்கேயே தங்கிவிடும். மணியை அடைவது சிறிதளவே. பழைய வண்ணப்பூச்சு, மின்கலத் தொழில், முன்னாளில் காரீயம் கலந்த பெட்ரோல் ஆகியவையே சுற்றுப்புறத்தில் அது பரவக் காரணங்கள். குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிப்பதால் அதற்கும் கடுமையான வரம்பு உண்டு.

கடலுணவின் கதை

சிப்பி வகைகள் நீரை வடிகட்டி உணவு தேடுபவை. கெராங் எனப்படும் சிப்பி, கடற்கரைச் சேற்றிலேயே வாழ்கிறது. ஆறு கொண்டுவரும் உலோகங்கள் அச்சேற்றில்தான் படிகின்றன. அதனால், வளர்ப்பிடத்தின் தூய்மையே அதன் தூய்மை. கணவாயின் காட்மியமோ பெரும்பாலும் அதன் உள்ளுறுப்புகளில், குறிப்பாகச் செரிமானச் சுரப்பியில் இருக்கும். இதனால்தான் கணவாய்க்கான வரம்பு, உள்ளுறுப்புகளை நீக்கிய இறைச்சிக்கே கூறப்படுகிறது. கணவாயைச் சுத்தம் செய்யும்போது குடலை முழுமையாக அகற்றுவது நல்லது என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

இறாலிலும் மீனிலும் ஆர்சனிக்கின் மொத்த அளவு அரிசியில் இருப்பதைவிடப் பல மடங்கு இருப்பதுண்டு. ஆனாலும் அச்சம் வேண்டியதில்லை. அவற்றில் இருப்பதில் பெரும்பகுதி ‘ஆர்செனோபீட்டைன்’ என்னும் கரிமச் சேர்மம். அது உடலில் மாறாமல் சிறுநீரோடு வெளியேறிவிடும். புற்றுநோயை உண்டாக்கவல்லது கனிம ஆர்சனிக்கே. அரிசியில் அந்த வகைக்கே முக்கிய இடம் உண்டு. கடலுணவிலும் விலக்கு ஒன்றுண்டு: ஹிஜிக்கி என்னும் கருநிறக் கடற்பாசியில் கனிம ஆர்சனிக் மிகுதி.

வரம்புகளும் ஒரு கணக்கும்

உலக நாடுகள் பின்பற்றுவதற்கான உணவுத் தரங்களைக் கோடெக்ஸ் ஆணையம் வகுக்கிறது. அதன்படி, ஒரு கிலோகிராம் தீட்டிய அரிசியில் காட்மியம் 0.4 மில்லிகிராமையும், கனிம ஆர்சனிக் 0.2 மில்லிகிராமையும் தாண்டக் கூடாது. தீட்டாத அரிசிக்குக் கனிம ஆர்சனிக் வரம்பு 0.35 மில்லிகிராம், ஏனெனில், தவிட்டில்தான் அது மிகுதி. தானியங்களில் காரீயம் 0.2 மில்லிகிராமையும், மீனில் 0.3 மில்லிகிராமையும் தாண்டக் கூடாது. கணவாய் வகைகளுக்குக் காட்மிய வரம்பு 2 மில்லிகிராம்.

இப்போது, தேர்வில் கேட்கத்தக்க ஒரு கணக்கைப் பார்ப்போம். ஆய்வகத்துக்கு அரிசி மாதிரி ஒன்றும் இறால் மாதிரி ஒன்றும் வந்துள்ளன. ஒரு கிலோகிராமுக்கு, தீட்டிய அரிசியில் மொத்த ஆர்சனிக் 0.25 மில்லிகிராம், இறாலில் 3 மில்லிகிராம். அவசரப்படும் மாணவர், ‘இறால்தான் ஆபத்து, அரிசியும் வரம்பை மீறிவிட்டது’ என்று எழுதிவிடுவார். இரண்டுமே தவறு. வரம்பு கனிம ஆர்சனிக்குக்கே உரியது. எனவே, திரவ நிறப்பிரிகை முறையில் வகைகளைப் பிரித்து அளக்க வேண்டும். அவ்வாறு அளந்ததில் அரிசியில் கனிம ஆர்சனிக் 0.15 மில்லிகிராம், இறாலில் 0.03 மில்லிகிராம் என்று தெரிகிறது. அரிசி வரம்புக்குள்தான் உள்ளது. ஆயினும், இரண்டில் அதிகம் கவனிக்க வேண்டியது அரிசியே. அதில் கனிம ஆர்சனிக் ஐந்து மடங்கு இருப்பதோடு, அதை நாம் நாள்தோறும் உண்கிறோம்.

வரம்புக்குள் இருப்பது மட்டும் போதுமா? 50 கிலோகிராம் எடையுள்ள ஒருவர் நாளொன்றுக்கு 250 கிராம் அரிசி உண்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அரிசியில் காட்மியம் மிகச் சரியாக வரம்பளவு, அதாவது 0.4 மில்லிகிராம் இருந்தால், அவர் நாள்தோறும் 100 மைக்ரோகிராம் உட்கொள்கிறார். ஒரு மாதத்தில் அது 3,000 மைக்ரோகிராம் ஆகிறது. வல்லுநர் குழு ஏற்கும் மாத அளவோ, உடல் எடையின் ஒவ்வொரு கிலோகிராமுக்கும் 25 மைக்ரோகிராம். அவருக்கு அது 1,250 மைக்ரோகிராம்தான். எனவே, வரம்பை ஒட்டிய அரிசியையே மாதக்கணக்கில் உண்பவர் ஏற்கத்தக்க அளவை இரண்டு மடங்குக்கும் மேலாகத் தாண்டிவிடுவார். அரிசியில் 0.1 மில்லிகிராம் மட்டுமே இருந்தால், மாத உட்கொள்ளல் 750 மைக்ரோகிராமாகக் குறையும். வரம்பு என்பது சந்தையில் விற்கலாமா என்பதைக் கூறும் கோடு. ஒருவருக்கு எவ்வளவு ஏற்றது என்பதை, அவர் உண்ணும் அளவையும் உடல் எடையையும் சேர்த்துக் கணக்கிட்டால்தான் அறியலாம்.

வீட்டில் செய்யத்தக்கதும் ஒன்றுண்டு. சோற்றை நிறைய நீரில் வேகவைத்துக் கஞ்சியை வடிப்பது நம் பாட்டிமார் வழக்கம். கனிம ஆர்சனிக் நீரில் கரையும் என்பதால், வடித்த கஞ்சியோடு அதன் ஒரு பகுதியும் வெளியேறுகிறது. மின்சோற்றுப் பானையில் நீர் முழுவதும் சோற்றிலேயே வற்றுவதால் அந்தப் பயன் இல்லை. ஆனால், சமைக்கும் நீரே ஆர்சனிக் கலந்ததாக இருந்தால் வடிப்பதால் பயனில்லை. காட்மியமோ சோற்றில் பெரும்பாலும் அப்படியே தங்கிவிடும். அதைத் தடுக்க வேண்டிய இடம் அடுப்பங்கரை அன்று. வயலும் அதற்கு மேலுள்ள ஆறும்தான்.