ஒரு லிட்டர் பாட்டில், அரை லிட்டர் எஞ்சின்: புல்வெட்டும் மெஷின், பிரஷர் வாஷருக்கு எவ்வளவு ஆயில் ஊற்ற வேண்டும்?

பைக்குக்கு ஆயில் மாற்றினால் பெரும்பாலும் ஒரு லிட்டர் பாட்டில் காலியாகிவிடும். அதே பழக்கத்தில் பெட்ரோல் பிரஷர் வாஷருக்கோ, புல்வெட்டும் மெஷினுக்கோ ஒரு பாட்டில் வாங்கி, "மிச்சம் வெச்சு என்ன பண்றது?" என்று முழுதாக ஊற்றிவிடுபவர்கள் உண்டு. இந்தச் சின்ன எஞ்சின்களில் பலவற்றுக்குத் தேவை அரை லிட்டரை ஒட்டிய அளவுதான். மீதி ஆயில் உள்ளே போனால் செலவு ஆயிலோடு நிற்காது.

எந்த எஞ்சினுக்கு எவ்வளவு?

முதலில் பார்க்க வேண்டியது எஞ்சின் மேல் உள்ள மாடல் எண். பிரஷர் வாஷர்களில் அதிகம் காணப்படும் ஹோண்டா ஜிஎக்ஸ்160 எஞ்சினுக்கு 0.58 லிட்டர், அதாவது 580 மில்லி போதும். அதே தோற்றத்தில் கொஞ்சம் பெரிதாக இருக்கும் ஜிஎக்ஸ்390-க்கு 1.1 லிட்டர் வேண்டும். ஒரே ஒரு லிட்டர் பாட்டில் முதல் எஞ்சினுக்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு, இரண்டாவதற்குப் போதாது. தள்ளிக்கொண்டு போகும் புல்வெட்டும் மெஷின்களில் பலவற்றுக்கு 0.4 முதல் 0.6 லிட்டர் வரை பிடிக்கும். சரியான அளவு அந்தந்த மாடலின் கையேட்டில் இருக்கும்.

அளவு கூடினால் என்ன, குறைந்தால் என்ன?

இந்த எஞ்சின்களில் பெரும்பாலானவற்றில் ஆயில் பம்ப் கிடையாது, ஆயில் ஃபில்டரும் கிடையாது. கனெக்டிங் ராடின் அடியில் சின்னக் கரண்டி மாதிரி ஒரு பாகம் இருக்கும். எஞ்சின் சுற்றும்போது அது அடியில் தேங்கியிருக்கும் ஆயிலை அடித்துத் தெளிக்கும். புல்வெட்டும் மெஷின்களில் சிலவற்றில் கரண்டிக்குப் பதிலாகப் பல்சக்கரம் இந்த வேலையைச் செய்யும். எதுவானாலும் உள்ளே இருக்கும் எல்லாப் பாகங்களுக்கும் ஆயில் கிடைப்பது இந்தத் தெளிப்பில்தான்.

ஆயில் குறைந்தால் கரண்டி ஆயிலைத் தொடாது. கிராங்க் பின்னும் கனெக்டிங் ராடும் உராய்ந்து சூடேறி ஒட்டிக்கொள்ளும். மோசமான நிலையில் ராடு உடைந்து எஞ்சின் பெட்டியிலேயே ஓட்டை போட்டுவிடும். அதற்குப் பிறகு பெரும்பாலும் புது எஞ்சின்தான்.

ஆயில் கூடினால் வேறு கதை. அடித்துக் கலக்கப்பட்ட ஆயில், காற்று வெளியேறும் குழாய் வழியாக ஏர் ஃபில்டருக்குப் போய்ச்சேரும். புகைபோக்கியில் வெள்ளையாகவோ நீலமாகவோ புகை வரும். ஸ்பார்க் பிளக் கறுத்து, ஸ்டார்ட் ஆக அடம் பிடிக்கும். ஆயில் மாற்றிய அன்றே புகை கிளம்பி, ஏர் ஃபில்டரும் எண்ணெயில் நனைந்திருந்தால், முதலில் சந்தேகிக்க வேண்டியது அளவைத்தான்.

ஏமாற்றும் இடம் எது?

ஜிஎக்ஸ்160-இல் ஆயில் ஊற்றும் துளை எஞ்சினின் பக்கவாட்டில் தாழ்வாக இருக்கும். மெஷின் சமதரையில் நின்றால், துளையின் கீழ் விளிம்பைத் தொடும் மட்டம்தான் முழு அளவு. அதற்கு மேல் ஊற்றினால் வெளியே வழிந்துவிடும். ஆனால் ஊற்ற வசதியாக மெஷினைச் சாய்த்துப் பிடித்தால் இந்தப் பாதுகாப்பு போய்விடும். சரிவில் நிறுத்திப் பார்த்தாலும் மட்டம் பொய் சொல்லும்.

புல்வெட்டும் மெஷின்களில் ஆயில் குழாய் பெரும்பாலும் மேல்நோக்கி நிற்கும். ஒரு லிட்டரையும் சத்தமில்லாமல் வாங்கிக்கொள்ளும். அங்கே ஆயில் குச்சி மட்டுமே காவல். அந்தக் குச்சியைப் பார்ப்பதிலும் ஒரு வித்தியாசம் உண்டு. ஹோண்டா ஜிஎக்ஸ் எஞ்சின்களில் துடைத்த குச்சியைத் திருகாமல் உள்ளே வைத்து எடுத்துப் பார்க்க வேண்டும். வேறு சில நிறுவனங்களின் எஞ்சின்களில் முழுதாகத் திருகிவிட்டுப் பார்க்க வேண்டும். முறை மாறினால் அளவும் தப்பாகக் காட்டும்.

எந்த ஆயில் வாங்குவது?

ஜிஎக்ஸ் வகைக்கு ஹோண்டா பொதுவாகச் சொல்வது 10டபிள்யூ-30 கிரேடு, ஏபிஐ எஸ்ஜே அல்லது அதற்குப் பிந்தைய தரம். பாட்டிலின் பின்பக்கம் எஸ்எல், எஸ்எம், எஸ்என் என்று இருந்தாலும் சரிதான். ஆங்கில வரிசையில் 'ஜே'வுக்குப் பின்னால் வரும் எழுத்துகள் புதிய தரங்கள். ஸ்கூட்டர்களுக்கு விற்கப்படும் 10டபிள்யூ-30 ஃபோர் ஸ்ட்ரோக் ஆயிலில் இந்தத் தரம் அச்சாகியிருந்தால் அதையே பயன்படுத்தலாம். பாட்டிலில் உள்ள ஜாசோ எம்ஏ, எம்பி குறியீடுகள் கிளட்ச் சம்பந்தப்பட்டவை. இந்த எஞ்சின் ஆயிலில் கிளட்ச் நனைவதில்லை என்பதால் அதைப் பற்றிக் கவலை வேண்டாம்.

நம்மூர் வெயிலில் இன்னொரு விஷயம் உண்டு. காற்றின் வெப்பம் 27 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் 10டபிள்யூ-30 கொஞ்சம் கூடுதலாகச் செலவாகலாம் என்று பிரிக்ஸ் அண்ட் ஸ்ட்ராட்டன் தன் எஞ்சின்களுக்குச் சொல்கிறது. வெப்பமான இடங்களுக்கு அது தரும் மாற்று எஸ்ஏஇ 30. எதை ஊற்றினாலும் ஒவ்வொரு நாளும் ஸ்டார்ட் செய்யும் முன் குச்சியைப் பார்ப்பது நல்லது.

பெட்ரோலில் கலக்கும் டூ ஸ்ட்ரோக் ஆயில் இதற்கு ஆகாது. அதேபோல, பிரஷர் வாஷரின் தண்ணீர் பம்புக்குத் தனி ஆயில் இருக்கலாம். அது வேறு அறை, வேறு ஆயில். எஞ்சின் ஆயிலை அதில் ஊற்றிவிடக் கூடாது.

மாற்றுவது எப்படி?

ஜிஎக்ஸ்160 பொருத்திய வாஷரையே எடுத்துக்கொள்வோம். எஞ்சினை இரண்டு மூன்று நிமிடம் ஓடவிட்டு நிறுத்தவும். சூடான ஆயில் அழுக்கையும் சேர்த்து இறக்கும். ஸ்பார்க் பிளக் வயரைக் கழற்றிவிட்டு, சமதரையில் வைத்து, அடியில் ஒரு தட்டு வைத்து டிரெயின் போல்ட்டைத் திறக்கவும். முழுதாக வடிந்ததும் போல்ட்டை வாஷரோடு இறுக்கவும்.

இப்போது அளவுக் குவளையில் 500 மில்லி எடுத்து ஊற்றவும். பழைய ஆயில் கொஞ்சம் உள்ளேயே ஒட்டியிருக்கும் என்பதால் 580-ஐ ஒரேயடியாகக் கவிழ்க்க வேண்டாம். ஒரு நிமிடம் விட்டுக் குச்சியைப் பார்த்து, பிறகு சிறிது சிறிதாகச் சேர்த்து மேல்கோட்டில் நிறுத்தவும். தவறிக் கூடிவிட்டால் எஞ்சினை ஓட்ட வேண்டாம். டிரெயின் போல்ட்டைத் தளர்த்திக் கூடுதலை இறக்கிவிடலாம்.

வடித்த ஆயிலையும் அளந்து பாருங்கள். 580 ஊற்றிய எஞ்சினிலிருந்து 400 மில்லிதான் வருகிறது என்றால், இடையில் நிறைய எரிந்திருக்கிறது அல்லது கசிந்திருக்கிறது. பழைய ஆயிலைச் சாக்கடையில் கொட்டாமல், கழிவு ஆயில் எடுத்துக்கொள்ளும் ஒர்க்‌ஷாப்பில் கொடுத்துவிடுங்கள்.

எத்தனை நாளுக்கு ஒருமுறை?

புது ஜிஎக்ஸ்160-க்கு முதல் மாற்றம் ஒரு மாதம் அல்லது 20 மணி நேரம். அதன் பிறகு 6 மாதம் அல்லது 100 மணி நேரம், எது முதலில் வருகிறதோ அது. பலர் '6 மாதம்' என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்கிறார்கள். தினமும் 3 மணி நேரம் ஓடும் வாட்டர் வாஷ் மெஷினுக்கு 100 மணி நேரம் 34-ஆவது நாளிலேயே முடிந்துவிடும். ஆறு மாதம் காத்திருந்தால் 500 மணி நேரத்துக்கு மேல் ஓடியிருக்கும். ஃபில்டர் இல்லாததால், தேய்ந்து விழும் இரும்புத் துகள் அத்தனையும் அதே ஆயிலிலேயே சுற்றிக்கொண்டிருக்கும்.

செலவுக் கணக்கும் எளிது. இரண்டு லிட்டர் ஆயிலில் மூன்று முறை மாற்றலாம். 260 மில்லி மிச்சமாகும். அந்த மிச்சத்தை மூடி இறுக்கி வைத்தால், இடையில் மட்டம் குறையும்போது ஊற்ற உதவும்.