கரப்பானில் தேன் நிறப் பொருக்கு: களிம்பு போதுமா, சிரப் வேண்டுமா?

முழங்கை, முழங்கால் மடிப்பில் வரும் அரிப்பை எங்கள் ஊரில் கரப்பான் என்போம். டாக்டர்கள் எக்ஸிமா என்கிறார்கள். அதில் கிருமி சேர்ந்தால் எப்படித் தெரியும்? என் நாத்தனாரின் ஐந்து வயது மகளுக்கு வந்ததை வைத்துச் சொல்கிறேன்.

முதலில் முழங்கை மடிப்பு சிவந்து, தெளிவான நீர் கசிந்தது. கரப்பான் பொங்கும்போது கிருமி இல்லாமலும் இப்படிக் கசியும். ஆனால் மூன்றாம் நாள் அந்த நீர் காய்ந்து தேன் நிறத்தில் பொருக்குக் கட்டியது. "அரிக்குது" என்ற பிள்ளை "வலிக்குது" என்றாள். தொட்டால் சுட்டது. சிவகாசியில் தோல் டாக்டரம்மாவிடம் காட்டினோம். ஸ்டெபிலோகாக்கஸ் என்ற கிருமியாம். கரப்பான் தோலில் சும்மாவே குடியிருக்கும். சொறிந்த கீறல் வழியே உள்ளே போய்விடுமாம்.

"குடிக்க மருந்து குடுத்தா சட்டுனு ஆறிரும்லம்மா?" என்றாள் நாத்தனார்.

"ஒரே இடத்துல ரூபாய் அகலம்தான் இருக்கு. காய்ச்சல் இல்ல. சிரப் வேண்டாம்" என்றார் டாக்டரம்மா. ஃபூசிடிக் ஆசிட் களிம்பை தினம் மூன்று வேளை, ஐந்து நாள் போடச் சொன்னார். பொருக்கின் மேலேயே போட்டால் மருந்து உள்ளே இறங்காது. வெதுவெதுப்பான நீரில் நனைத்த சுத்தமான துணியைப் பத்து நிமிடம் வைத்து, ஊறிய பொருக்கை மெல்லத் துடைத்துவிட்டுத்தான் போட வேண்டும். கரப்பானுக்கு ஏற்கெனவே எழுதித் தந்த ஸ்டீராய்டு களிம்பையும் நிறுத்தக் கூடாது என்றார். தோல் ஆறினால்தான் கிருமிக்கு வாசல் அடைபடும்.

பிரிட்டனில் 113 குழந்தைகளிடம் நடத்தி 2017-இல் வெளியிட்ட ஆய்வும் இதையே சொல்கிறது. லேசான தொற்றுக்கு ஸ்டீராய்டு களிம்போடு ஆன்டிபயாடிக்கைப் பூசியும், குடிக்கக் கொடுத்தும் பார்த்தார்கள். இரண்டிலுமே பெரிய கூடுதல் பலன் இல்லை. கடுமையான தொற்றுள்ள பிள்ளைகளை அதில் சேர்க்கவில்லை என்பதையும் கவனிக்க வேண்டும்.

ஏனென்றால் சித்திரை வெயிலில் அதே பிள்ளைக்கு இரண்டு காலிலும் பொருக்குப் படர்ந்து, காய்ச்சலடித்து, தொடையிடுக்கில் நெறி கட்டியது. இவ்வளவு இடத்துக்குக் களிம்பு போதாது என்று, எடை பார்த்து செஃபாலெக்சின் சிரப் ஏழு நாளைக்கு எழுதினார். மூன்றே நாளில் காய்ந்தாலும் பாதியில் நிறுத்த வேண்டாம் என்றார்.

மெடிக்கலில் பழைய டியூபைக் காட்டி மறுபடி மறுபடி வாங்குகிறோமே, அதுதான் ஆபத்து. மாதக்கணக்கில் தடவினால் கிருமி மருந்துக்குப் பழகிவிடும். பிறகு தேவைப்படும்போது கேட்காது.

இன்னொன்று. கரப்பான் மேல் ஒரே அளவில் சின்னச் சின்னக் கொப்புளங்கள் திடீரெனத் தோன்றி, உடைந்து குழிப்புண்ணாகி, கடுமையாக வலித்து, காய்ச்சலும் இருந்தால் அது ஹெர்பிஸ் வைரஸாக இருக்கலாம். அக்கி என்று நினைத்துக் காவி எழுதிக்கொண்டிருக்காதீர்கள். அதற்கு ஆன்டிபயாடிக் கேட்காது. வைரஸ் மருந்து வேறு. அன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். கண்ணருகில் வந்தால் ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்கக் கூடாது.

- ஒரு வாசகி, எம்.புதுப்பட்டி.