சூரியனும் டீசலும்: ஒரு தோட்டக் கட்டடத்தின் மின்கணக்கு

பூந்தமல்லியைத் தாண்டித் திருமழிசைப் பக்கம் எங்கள் உறவினர் ஒருவருக்குத் தோட்டம் இருக்கிறது. மின்கம்பங்கள் அதுவரை வரவில்லை. அங்குள்ள கட்டடத்தில் இரண்டு குடும்பங்கள் தங்கி வேலை செய்கின்றன. மாலை ஐந்து மணி முதல் காலை ஏழு மணி வரை ஐந்து கேவிஏ டீசல் ஜெனரேட்டர் ஓடும். டீசல் தீர்ந்த இரவுகளில் மின்விசிறி நின்றுவிடும். குழந்தைகள் கொசுக்கடியில் விழித்திருப்பார்கள். இந்நிலையை மாற்ற முடியுமா என்று கணக்கிட்டுப் பார்த்ததன் விளைவே இக்கட்டுரை.

முதலில் சுமையை அறிய வேண்டும். ஒவ்வொரு கருவியின் வாட் அளவையும், அது ஓடும் நேரத்தையும் குறித்தேன். ஒரு குதிரைத்திறன் பம்பு இரண்டு மணி நேரத்திற்கு 2.2 யூனிட், நான்கு மின்விசிறிகள் பத்து மணி நேரத்திற்கு 2.8, குளிர்ப்பெட்டி 1.2; விளக்குகளும் தொலைக்காட்சி முதலியனவும் சேர்ந்து 1.0. ஆக நாளொன்றுக்கு 7.2 யூனிட். இதைப் பதினான்கு மணி நேரத்தால் வகுத்தால், நான்கு கிலோவாட் தரக்கூடிய இயந்திரம் சராசரியாக அரைக் கிலோவாட்டையே தருகிறது என்பது புலனாகும்.

அடுத்து டீசலை அளந்தேன். தொட்டியில் ஒரு குறிவரை நிரப்பி, சுமையே இல்லாமல் ஒரு மணி நேரம் ஓட்டி, மீண்டும் குறிவரை ஊற்றியதில் அரை லிட்டர் பிடித்தது. இரண்டு கிலோவாட் ஹீட்டரை இணைத்து ஓட்டியபோது ஒரு லிட்டர். ஆகவே மணிக்கு அரை லிட்டர் வெறுமனே சுழல்வதற்கும், அதற்கு மேல் யூனிட்டுக்குக் கால் லிட்டர் மின்சாரத்திற்கும் செலவாகிறது. பதினான்கு மணி நேரத்திற்கு 7 லிட்டர், 7.2 யூனிட்டுக்கு 1.8 லிட்டர்; மொத்தம் 8.8 லிட்டர். ஐந்தில் நான்கு பங்கு டீசல் இயந்திரத்தைச் சுழற்றுவதற்கே போகிறது! இலேசான சுமையில் நெடுநேரம் ஓடும் இயந்திரத்தில் டீசல் முழுதும் எரிவதுமில்லை. புகைக்குழாயில் கருமையான எண்ணெய்ப் பிசுக்கு வழிந்தால் அதுவே அடையாளம். அந்தத் தோட்டத்து இயந்திரத்தில் நான் அதைக் கண்டேன்.

எனவே முதல் மருந்து சூரியன் அன்று, பேட்டரியே. இரவுத் தேவை ஏறத்தாழ 4.2 யூனிட். இன்வெர்ட்டரில் பத்து சதவீதம் இழப்பு என்றும், ஈயபேட்டரியைப் பாதிக்கு மேல் வடிக்கக் கூடாது என்றும் கொண்டால், 48 வோல்ட், 200 ஆம்பியர்-மணி தேவை. அதாவது 12 வோல்ட் பேட்டரிகள் நான்கு. மின்னேற்ற இழப்பையும் சேர்த்தால் அன்றாடத் தேவை 8.3 யூனிட் ஆகும். பம்பு ஓடும் வேளையிலேயே பேட்டரியையும் ஏற்றினால் ஜெனரேட்டர் நான்கு மணி நேரம் ஓடினால் போதும். டீசல் 4.1 லிட்டர், சூரியன் இல்லாமலே பாதிக்கு மேல் மிச்சம்.

இனிச் சூரியன். சென்னைப் பகுதியில் ஆண்டுச் சராசரியாக நாளைக்கு ஐந்து மணி நேர முழு வெயிலுக்குச் சமமான ஒளி கிடைக்கிறது. 400 வாட் பலகைகள் ஆறு வைத்து, கால் பங்கு இழப்பைக் கழித்தால் 9 யூனிட் வரும். பம்பை நண்பகலுக்கு மாற்றுவது அவசியம். அதன் மின்சாரம் பேட்டரிக்குள் போய்த் திரும்பும் இழப்பு அதனால் தவிர்கிறது. ஆனால் மோட்டார் தொடங்கும்போது வழக்கமானதைப் போல ஐந்து மடங்கு வரை மின்னோட்டம் இழுக்கும். அதைத் தாங்கும் இன்வெர்ட்டராக இல்லாவிட்டால் ஒவ்வொரு முறையும் நின்றுவிடும்.

சிக்கல் வடகிழக்குப் பருவமழையில்தான். மேகம் கவிந்த நாளில் ஒன்றரை மணி நேர வெயிலே கிடைத்தால் 2.7 யூனிட்தான் வரும், 5.6 யூனிட் குறையும். அன்று ஜெனரேட்டரை மூன்று கிலோவாட் சுமையில் இரண்டு மணி நேரம் ஓட்டினால் இரண்டரை லிட்டரில் காரியம் முடியும். டீசலுக்கு அஞ்சி இதை ஒத்திப்போட்டால், அரைகுறையாக ஏற்றப்பட்ட பேட்டரியின் தகடுகளில் சல்பேட் படிந்து இறுகிவிடும். ஹைட்ரோமீட்டரில் ஓர் அறை மட்டும் மற்றவற்றினும் குறைவாகக் காட்டினால் விழித்துக்கொள்ள வேண்டும்.

ஆண்டில் அறுபது நாள் அவ்வாறு ஓட்டுவதாகக் கொண்டால் 150 லிட்டர். இப்போது ஆவதோ 3,212 லிட்டர். இந்த அறுபது நாள் என்பது என் ஊகம். அது இருமடங்கானாலும் 300 லிட்டர்தான்.

இதே கணக்கு தீவுகளுக்கும் பொருந்தும். யாழ்ப்பாணத்தை அடுத்த நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு ஆகியவற்றில் இத்தகைய கலப்பு மின்திட்டங்களை அமைக்க 2022 மார்ச்சில் இந்தியாவும் இலங்கையும் உடன்பாடு செய்தன. அங்கே கடல் கடந்து டீசல் போக வேண்டும். இங்கே வரப்பு கடந்து தலைச்சுமையாகப் போகிறது. உறவினரிடம் கணக்கைக் கொடுத்தேன். முழுப் பணம் இல்லையென்றார். “அப்படியானால் பேட்டரியை முதலில் வாங்குங்கள் மாமா, பலகை பிறகு வரட்டும்” என்றேன். அதுவே சரியான வரிசை என்பது என் துணிபு.