எத்தனை லாட் விற்றால் போதும்?

உங்களிடம் 90 லட்சம் ரூபாய்க்குப் பங்குகள் இருக்கின்றன. அடுத்த சில வாரங்களில் சந்தை சரியும் என்று பயம். விற்க மனமில்லை, விற்று லாபம் பார்த்தால் வரியும் கட்ட வேண்டும். பங்குகளை அப்படியே வைத்துக்கொண்டு நிஃப்டி ஃபியூச்சர்ஸை விற்று வைப்பது ஒரு வழி. சந்தை விழுந்தால் பங்கில் போகும் பணம் ஃபியூச்சர்ஸில் திரும்பி வரும். எத்தனை லாட் விற்பது என்பதில்தான் பலர் சறுக்குகிறார்கள்.

நிஃப்டி ஃபியூச்சர்ஸ் 24,000, ஒரு லாட்டுக்கு 75 என்று வைத்துக்கொள்வோம். (லாட் அளவு அவ்வப்போது மாறும், ஆர்டர் போடுமுன் பார்த்துக்கொள்ளுங்கள்.) ஒரு லாட்டின் மதிப்பு 18 லட்சம். 90-ஐ 18-ஆல் வகுத்தால் 5. ஆனால் உங்கள் பங்குகள் நிஃப்டி அளவுக்கே ஆடினால்தான் இந்த 5 சரி. அந்த ஆட்டத்தின் அளவுதான் பீட்டா.

வங்கிப் பங்குகள் 36 லட்சம், பீட்டா 1.2, உலோகப் பங்குகள் 36 லட்சம், 1.5, சோப்பு, பிஸ்கட் நிறுவனங்கள் 18 லட்சம், 0.6 என்று இருக்கட்டும். ஒவ்வொன்றின் பீட்டாவையும் மொத்தத்தில் அதன் பங்கால் பெருக்கிக் கூட்டுங்கள்: 0.48 + 0.60 + 0.12 = 1.2. இதுவே போர்ட்ஃபோலியோ பீட்டா. இப்போது கணக்கு:

```
1.2 × 90,00,000 ÷ 18,00,000 = 6
```

நிஃப்டி 5 சதவீதம், அதாவது 1,200 புள்ளி விழுந்தால் பங்குகள் 6 சதவீதம் விழும்; நஷ்டம் 5,40,000 ரூபாய். 6 லாட்டில் கிடைப்பதும் அதே 5,40,000. 5 லாட் மட்டும் விற்றிருந்தால் 90,000 ரூபாய் குறையும். பயத்தில் பாதியை மட்டும் போக்கினால் போதும் என்றால் 3 லாட் விற்கலாம். விடை 6.4 என்று வந்தால் நான் 6-லேயே நிறுத்துவேன். கூடுதலாக விற்பது சந்தை விழும் என்று பந்தயம் கட்டுவதாகிவிடும்.

சந்தை ஏறினால்தான் உண்மையான சோதனை. நிஃப்டி 500 புள்ளி ஏறினால் 2,25,000 ரூபாய் உங்கள் கணக்கிலிருந்து ரொக்கமாகப் போகும். பங்குகளும் ஏறக்குறைய அவ்வளவு ஏறியிருக்கும், ஆனால் அந்த லாபம் காகிதத்தில்தான். பங்குகளை அடகு வைத்து மார்ஜின் பெறலாம்; அன்றாட நஷ்டத்தை ரொக்கமாகத்தான் கட்டியாக வேண்டும். கையில் ரொக்கம் இல்லாதவர்கள் தவறான நேரத்தில் ஹெட்ஜை மூட நேரிடுவது இதனால்தான்.

பீட்டா கடந்த கால சராசரி என்பதும் நினைவிலிருக்கட்டும். உங்கள் உலோக நிறுவனம் ஒன்று மோசமான காலாண்டு முடிவு தந்து தனியாக விழுந்தால் நிஃப்டி ஃபியூச்சர்ஸ் காப்பாற்றாது. எக்செல்லில் போர்ட்ஃபோலியோவின் இரண்டு ஆண்டு வார ஏற்ற இறக்கத்தையும் நிஃப்டியுடையதையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டு `SLOPE` கொடுத்தால் பீட்டா, `RSQ` கொடுத்தால் அந்தப் பீட்டாவை எவ்வளவு நம்பலாம் என்பது தெரியும். `RSQ` 0.8-க்கு மேல் இருந்தால் ஹெட்ஜ் பெரும்பாலும் வேலை செய்யும். 0.4 என்றால் ஏற்ற இறக்கத்தில் பாதிக்கு மேல் நிஃப்டியோடு சம்பந்தமில்லாதது. அங்கே ஃபியூச்சர்ஸை விடச் சில பங்குகளைக் குறைப்பதே மேல்.