சத்தத்தை மட்டும் நம்பினால் விக்கெட் தப்பிவிடும்

2023 நவம்பர் 19 அன்று அகமதாபாத்தில் நடந்த உலகக் கோப்பை இறுதிப் போட்டியின் 29ஆவது ஓவர். பேட் கம்மின்ஸ் வீசிய மூன்றாவது பந்து விராட் கோலியின் மட்டையில் பட்டு ஸ்டம்பில் மோதியது. கோலி 54 ரன்களில் வெளியேற, இந்தியா 4 விக்கெட்டுக்கு 148 ஆனது. திரண்டிருந்த 90,000க்கும் மேற்பட்டோர் வாயடைத்துப் போனார்கள். ஒரு முழு ஆட்டத்தின் பதிவிலிருந்து முக்கியத் தருணங்களைக் கணினியே பொறுக்கியெடுக்க வேண்டுமானால், பலருக்கும் முதலில் தோன்றும் வழி, கூட்டம் ஆரவாரித்த இடங்களை வெட்டிச் சேர்ப்பதுதான். ஆட்டத்தைத் திருப்பிய அந்தப் பந்தை இந்த வழி கோட்டைவிட்டுவிடும். சத்தத்தின் அளவை அப்படியே எடுத்துக்கொள்ளாமல் அதில் நேரும் மாற்றத்தைக் கவனிக்க வேண்டும். அந்த மாற்றத்துக்கு ஸ்கோர்போர்டிடம் காரணம் கேட்க வேண்டும்.

மாற்றத்தை அளப்பது கடினமல்ல. ஒலியை ஒரு நொடித் துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டின் வலிமையையும் டெசிபலில் கணக்கிடலாம். பிறகு முந்தைய ஐந்து நிமிடத் துண்டுகளை வரிசைப்படுத்தி, நடுவில் நிற்கும் மதிப்பை அந்த நேரத்தின் இயல்பான இரைச்சலாகக் கொள்ளலாம். சராசரியை எடுத்தால் ஒரே ஒரு சிக்ஸரின் கூச்சல் கூட அதை மேலே இழுத்துவிடும். நடு மதிப்பு அவ்வளவு எளிதில் அசையாது. ஒலியலையின் வீச்சு இரு மடங்கானால் 6 டெசிபல் கூடும். இயல்பிலிருந்து அந்த அளவு ஏறினாலும் இறங்கினாலும் குறித்துவைக்க வேண்டும். இதற்குப் பெரிய இடையூறு வர்ணனையாளரின் குரல். கூட்டம் அடங்கிய நேரத்திலும் அவர் உரத்துப் பேசினால் மொத்த ஒலி இறங்காது. ஸ்டீரியோ ஒளிபரப்பில் பெரும்பாலும் அவர் குரல் இரு பக்கமும் ஒரே மாதிரி வரும். கூட்டத்தின் இரைச்சலோ பக்கத்துக்குப் பக்கம் வேறுபடும். எனவே இடப்பக்க ஒலியிலிருந்து வலப்பக்க ஒலியைக் கழித்தால் குரல் பெருமளவு மறைந்து கூட்டம் மிஞ்சும்.

ஸ்கோர்போர்டைப் படிப்பதற்கு, நொடிக்கு ஒரு படம் எடுத்து, திரையில் எண்கள் வரும் சிறு பகுதியை மட்டும் வெட்டி, முந்தைய படத்தோடு ஒப்பிட்டால் போதும். மாற்றம் தெரிந்தால் மட்டும் எண்ணைப் படிக்கலாம். 148/3 என்பது 148/4 ஆனால் விக்கெட். 148 திடீரென 198 ஆனால் அது ரன் அல்ல, 4 என்பதை 9 என்று படித்த பிழை. மறு ஒளிபரப்பின்போது பலகை மறைந்துபோவதும் உண்டு; அப்போது கடைசியாகப் படித்த எண்ணையே வைத்துக்கொள்ள வேண்டும். பந்தின் முடிவு தெரிந்த பிறகே பலகை மாறும் என்பதால், அது மாறிய நொடியிலிருந்து பின்னோக்கிப் போய் ஒலி ஏறியோ இறங்கியோ இருக்கும் இடத்தைத் தேட வேண்டும். அங்கிருந்துதான் காட்சி தொடங்க வேண்டும். டிஆர்எஸ் முறையீட்டில் தீர்ப்பு மாறினால் ஏறிய விக்கெட் இறங்கவும் கூடும். எண் குறைந்தாலே பிழை என்று நிரல் எழுதியவர் இங்கே சறுக்குவார்.

பலகையே எல்லாம் சொல்லும்போது ஒலி எதற்கு என்று கேட்கலாம். கைநழுவிய கேட்ச், நூலிழையில் தப்பிய ரன் அவுட் ஆகியவை பலகையில் ஏறுவதில்லை. 2024 ஏப்ரல் 8 அன்று சேப்பாக்கத்தில் தோனி மட்டையோடு இறங்கியபோது எழுந்த ஆரவாரத்தில் கொல்கத்தா அணியின் ஆண்ட்ரே ரசல் காதுகளைப் பொத்திக்கொண்டார். பலகைக்கு அது ஒரு பெயர் மாற்றம் மட்டுமே. பந்துக்குப் பந்து விவரம் இணையத்தில் கிடைக்கிறதே என்பது இன்னொரு வாதம். அந்த விவரம் எந்த ஓவர், எந்தப் பந்து என்று சொல்லும். உங்கள் கையிலுள்ள பதிவில் அது எத்தனையாவது நிமிடத்தில் இருக்கிறது என்று சொல்லாது. பழைய நாடாப் பதிவுகளுக்கும் உள்ளூர்ப் போட்டிகளுக்கும் பல நேரங்களில் அந்த விவரமே கிடையாது.

வலுவான ஆட்சேபம் வேறொன்று. ஒலி ஆட்டத்தின் தரத்தைக் காட்டுவதில்லை, யார் வந்து உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதைத்தான் காட்டுகிறது. அது உண்மை. சொந்த ஊர் அணியின் சாதாரண பவுண்டரிக்கு எழும் கூச்சல், எதிரணியின் அபாரமான பந்துவீச்சுக்கு எழாது. 2020 ஐபிஎல் ஐக்கிய அரபு அமீரகத்தில் பார்வையாளரே இல்லாமல் தொடங்கியபோது, முன்பே பதிவுசெய்த ஆரவாரத்தை ஒளிபரப்பில் சேர்த்தார்கள். அந்தப் பதிவில் ஒலியை அளந்தால் கிடைப்பது ஒலிக் கலைஞரின் கணிப்பே; அங்கே பலகையை மட்டும் நம்புவதே நேர்மை. உண்மையான கூட்டம் இருக்கும் பதிவுகளில், ஒலியும் பலகையும் ஒத்துப்போகும் இடங்களைக் கணினி தயங்காமல் வெட்டித் தொகுக்கலாம். இரண்டும் முரண்படும் இடங்களை ஒரு மனிதர் பார்க்காமல் நீக்கக் கூடாது.