போர் தண்ணீரில் எவ்வளவு இரும்பு? ஒரு நேர்கோடு சொல்லும் கணக்கு

மோட்டார் போட்டதும் ஆழ்துளைக் கிணற்றிலிருந்து வரும் தண்ணீர் பளிங்கு போல இருக்கும். அதை ஒரு வெள்ளை வாளியில் பிடித்து வைத்துவிட்டு, சமையலை முடித்துக்கொண்டு வந்து பார்த்தால், சில ஊர்களில் மேலே மினுமினுப்பாக ஒரு மெல்லிய ஏடு மிதக்கும். அடியில் செங்காவி நிறத்தில் வண்டல் தங்கியிருக்கும். இரண்டு மாதத்தில் குளியலறை டைல்ஸ் பழுப்பேறிவிடும். வெள்ளை வேட்டியை அந்தத் தண்ணீரில் துவைத்தால் எத்தனை சொட்டு நீலம் விட்டாலும் மஞ்சள் போகாது.

காரணம் இரும்பு. காற்று எட்டாத ஆழத்தில் அது ஃபெரஸ் என்ற வடிவில் நீரில் கரைந்து கிடக்கிறது. அப்போது அதற்குச் சொல்லிக்கொள்ளும்படி நிறம் இல்லை. மேலே வந்து ஆக்சிஜன் பட்டதும் ஃபெரிக்காக மாறி, துருவாகப் பிரிந்து அடியில் படிகிறது. லிட்டருக்கு 0.3 மில்லிகிராமைத் தாண்டினாலே துணியில் கறை படியத் தொடங்கும். குடிநீருக்கான இந்தியத் தரநிர்ணயம் (ஐ.எஸ். 10500) இப்போது ஏற்கும் அளவு 1 மில்லிகிராம். ஒரு லிட்டர் தண்ணீரில் ஒரு மில்லிகிராம் என்பது எந்தத் தராசிலும் நேரடியாக நிறுத்துப் பார்க்க முடியாத அளவு. அதை அளப்பதற்கு நீர் ஆய்வகங்கள் நிறத்தைப் பிடித்துக்கொள்கின்றன.

பினான்த்ரோலின் என்றொரு கரிமச் சேர்மம் இருக்கிறது. ஒரு ஃபெரஸ் அயனியைக் கண்டால் மூன்று பினான்த்ரோலின் மூலக்கூறுகள் அதைச் சுற்றிப் பிடித்துக்கொள்ளும். நிறமில்லாமல் இருந்த கரைசல் ஆரஞ்சு கலந்த சிவப்பாகிவிடும். இரும்பு கூடக் கூட நிறம் அடர்த்தியாகும். கண்ணால் பார்த்தே எது அதிகம், எது குறைவு என்று சொல்லிவிடலாம். எவ்வளவு அதிகம் என்று சொல்லத்தான் ஒரு விதி தேவைப்படுகிறது.

ஆரஞ்சுச் சிவப்பாகத் தெரிகிறது என்றால், வெள்ளை ஒளியிலிருந்து நீலப்பச்சையை அந்தக் கரைசல் விழுங்கிவிட்டு மீதியை நம் கண்ணுக்கு அனுப்புகிறது என்று பொருள். ஆகவே அளப்பதற்கு விடவேண்டியது அது விழுங்கும் ஒளியைத்தான். இந்தச் சேர்மத்துக்கு அது 510 நானோமீட்டர் அலைநீளம். சிவப்புக் கரைசல்தானே என்று சிவப்பு ஒளியைத் தேர்ந்தெடுத்தால், எவ்வளவு இரும்பு இருந்தாலும் ஒளி தடையின்றிப் போய்விடும். கருவி ஏறக்குறைய சுழியையே காட்டிக்கொண்டிருக்கும்.

இனி 510 நானோமீட்டர் ஒளி 100 பங்கு உள்ளே போகிறது என்று வைத்துக்கொள்வோம். கரைசலை வைக்கும் சின்னக் கண்ணாடிக் குப்பிக்கு ஆய்வகத்தில் குவெட் என்று பெயர். அதன் உள் அகலம் 1 செ.மீ. லிட்டருக்கு 1 மில்லிகிராம் இரும்பு உள்ள கரைசலில் ஏறக்குறைய 63 பங்கு ஒளி மறுபக்கம் வரும். 37 பங்கு போயிற்று. இரும்பை 2 மில்லிகிராமாக்கினால் இன்னொரு 37 போய் 26 வருமா? வராது. 40 வரும். 3 மில்லிகிராமுக்கு 25, 4 மில்லிகிராமுக்கு 16.

இந்த எண்களை உற்றுப் பார்த்தால் விஷயம் பிடிபடும். ஒவ்வொரு மில்லிகிராமும் எடுத்துக்கொள்வது, தனக்கு முன்னால் இருந்தவை தின்றது போக மிஞ்சிய ஒளியில் 37 சதவீதத்தை. பந்தியில் முதல் ஆள் பாத்திரத்தில் உள்ளதில் மூன்றில் ஒரு பங்கை எடுத்துக்கொண்டு, அடுத்தவர் மிச்சத்தில் மூன்றில் ஒரு பங்கை எடுத்துக்கொள்வது போல. பங்கு மாறுவதில்லை, அளவு குறைந்துகொண்டே போகிறது. அதனால்தான் வெளிவரும் ஒளியைச் செறிவுக்கு எதிராக வரைந்தால் வளைந்து இறங்கும் கோடு கிடைக்கிறது. வளைகோட்டில் விரல் வைத்து விடை படிப்பது தொல்லை.

வளைவை நிமிர்த்த ஒரு வழி இருக்கிறது. உள்ளே போன ஒளியை வெளியே வந்த ஒளியால் வகுத்து, அதற்கு மடக்கை எடுக்க வேண்டும். அப்படிக் கிடைக்கும் எண்தான் உறிஞ்சளவு. ஆய்வகப் பேச்சில் அப்சார்பன்ஸ். மேலே சொன்ன 63, 40, 25, 16 ஆகியவை இப்போது 0.2, 0.4, 0.6, 0.8 ஆகிவிடும். ஒரு மில்லிகிராமுக்கு 0.2 வீதம், படிக்கட்டு போல ஒரே சீராக ஏறுகிறது. பீர்-லாம்பர்ட் விதி இதைத்தான் சொல்கிறது:

A = εcl

A என்பது உறிஞ்சளவு, c செறிவு, l ஒளி கடந்துபோகும் தூரம். ε என்பது அந்தச் சேர்மம் அந்த அலைநீளத்தில் எவ்வளவு ஆவலாக ஒளியை விழுங்கும் என்பதற்கான எண். இரும்பு-பினான்த்ரோலினுக்கு அது சுமார் 11,100.

விதியின் பெயரில் இருவர் இருந்தாலும் முதல் அடி எடுத்து வைத்தவர் பியர் பூகேர் என்ற பிரெஞ்சுக்காரர். ஒளி கடக்கும் பொருளின் தடிமன் சீராகக் கூடும்போது ஒளி விகித முறையில் குறைகிறது என்பதை அவர் 1729இல் எழுதினார். 1760இல் லாம்பர்ட் அதைக் கணிதமாக்கினார். 1852இல் ஆகஸ்ட் பீர் நிறமுள்ள கரைசல்களை ஆராய்ந்து செறிவையும் கணக்கில் சேர்த்தார். பூகேரின் பெயர் பாடநூல்களில் பெரும்பாலும் விடுபட்டுப்போனது வருத்தம்தான்.

வேலை நடக்கும் முறைக்கு வருவோம். 0.702 கிராம் மோர் உப்பை, அதாவது ஃபெரஸ் அம்மோனியம் சல்பேட்டை, அமிலம் சேர்த்த நீரில் கரைத்து ஒரு லிட்டராக்கினால் அதில் சரியாக 100 மில்லிகிராம் இரும்பு இருக்கும். அதைப் பத்து மடங்கு நீர்க்கச் செய்து, அதிலிருந்து 2.5, 5, 10, 15, 20 மி.லி. என்று பிப்பெட்டில் எடுத்து ஐந்து 50 மி.லி. குடுவைகளில் விட வேண்டும். முடிவில் அவற்றில் லிட்டருக்கு 0.5, 1, 2, 3, 4 மில்லிகிராம் இரும்பு இருக்கும். இவைதான் ஸ்டாண்டர்டுகள். ஆறாவது குடுவையில் இரும்பே கிடையாது, அது பிளாங்க். ஏழாவதில் சோதிக்க வேண்டிய கிணற்று நீர் 20 மி.லி.

கிணற்று நீரில் ஏற்கெனவே துருவாக மாறிய இரும்பும் இருக்கும். பினான்த்ரோலின் எதிர்பார்க்கும் சிவப்பைத் தருவது ஃபெரஸ் மட்டும்தான். அதனால் அமிலமும் ஹைட்ராக்சிலமைன் ஹைட்ரோகுளோரைடும் விட்டுக் கொதிக்கவைத்து, எல்லா இரும்பையும் ஃபெரஸாக்கிக்கொள்வார்கள். ஆறியதும் அம்மோனியம் அசிடேட் தாங்கல் கரைசல், பிறகு 0.1 சதவீத பினான்த்ரோலின் 4 மி.லி. ஏழு குடுவைக்கும் இதே நடைமுறை. குறி வரை காய்ச்சி வடித்த நீரை நிரப்பிப் பத்துப் பதினைந்து நிமிடம் காத்திருந்தால் நிறம் முழுமையாகிவிடும்.

பிளாங்கை வைத்துக் கருவியைச் சுழிக்குக் கொண்டுவர வேண்டும். இங்கே பலர் வெறும் காய்ச்சி வடித்த நீரை வைத்துவிடுவார்கள். மருந்துகளிலேயே கொஞ்சம் இரும்பு கலந்திருக்கக்கூடும். அப்படிச் செய்தால் அதுவும் கிணற்றுக் கணக்கில் ஏறிவிடும். வரைபடத்தில் இது உடனே தெரியும்: கோடு நேராகத்தான் இருக்கும், ஆனால் சுழியில் தொடங்காமல் சற்று மேலே தொடங்கும்.

ரீடிங் இப்படி வருகிறது என்று கொள்வோம்: 0.101, 0.198, 0.402, 0.597, 0.801. வரைபடத்தாளில் கிடைமட்டமாகச் செறிவு, செங்குத்தாக உறிஞ்சளவு. புள்ளிக்குப் புள்ளி ஒடித்து ஒடித்து இணைக்கக் கூடாது. எல்லாப் புள்ளிகளுக்கும் நெருக்கமாகச் செல்லும் ஒரே நேர்கோடு இழுக்க வேண்டும். ஒரு புள்ளி மட்டும் விலகி நின்றால் பிப்பெட் பிடித்த கையையோ குவெட்டில் பட்ட விரல் ரேகையையோ சந்தேகிக்கலாம். கிணற்று நீரின் ரீடிங் 0.36. அங்கிருந்து கோட்டுக்குப் போய்க் கீழே இறங்கினால் 1.8. 20 மி.லி. நீர் 50 மி.லி. ஆகியிருப்பதால் 2.5ஆல் பெருக்க வேண்டும். விடை லிட்டருக்கு 4.5 மில்லிகிராம். ஏற்கும் அளவைப் போல நாலரை மடங்கு.

கோடு எவ்வளவு தூரம் நேராகப் போகும்? கருவிக்குள் எப்போதும் குவெட்டைத் தொடாமலே உணரியை எட்டும் ஒளி கொஞ்சம் இருக்கும். அது 1 சதவீதம் என்றால், உண்மையான உறிஞ்சளவு 2 ஆக இருக்கும்போது கரைசல் வழியாக வருவதும் அதே 1 சதவீதம்தான். கருவி இரண்டையும் கூட்டிப் பார்த்துவிட்டு 1.7 என்று காட்டும். கோட்டின் மேல்முனை குனிந்துவிடும். அந்த இடத்தில் கரைசலை நீர்க்கச் செய்து மறுபடி படித்தால் சரியாகும்.

இன்னொரு குனிவு இருக்கிறது. அது அவ்வளவு எளிதில் திருந்தாது. 4 மி.லி. பினான்த்ரோலின் சுமார் 0.4 மில்லிகிராம் இரும்புக்குத்தான் போதும். எடுத்த நீரில் அதற்கு மேல் இரும்பு இருந்தால், மீதி இரும்பு பிடிக்க ஆளில்லாமல் நிறமின்றியே நின்றுவிடும். நிறம் வந்த பிறகு தண்ணீர் ஊற்றி நீர்க்கச் செய்வதால் பயனில்லை. முதலிலேயே கிணற்று நீரைக் குறைத்து எடுத்துத் தொடங்க வேண்டும். கண்டுபிடிக்க நல்ல வழி, 20 மி.லி.க்குப் பதில் 10 மி.லி. எடுத்து மறுபடி செய்வது. ரீடிங் பாதியாக வந்தால் கணக்கு நம்பகமானது. பாதிக்கு மேல் நின்றால் முதல் விடை குறைத்துச் சொல்லியிருக்கிறது.

ஆனால் பெரிய பிழைகள் கருவிக்கு வருமுன்பே நடந்துவிடுகின்றன. கிணற்றடியில் பாட்டிலில் பிடிக்கும்போதே அமிலம் சேர்க்காவிட்டால், ஆய்வகம் போய்ச் சேருவதற்குள் இரும்பு துருவாகி அடியிலும் சுவரிலும் ஒட்டிக்கொள்ளும். மேலே தெளிந்த நீரை மட்டும் ஊற்றி அளந்தால், நேர்கோடு எவ்வளவு அழகாக இருந்தாலும், கறை படியும் கிணற்றுக்கு நல்ல நீர் என்ற சான்று கிடைக்கும். களிமண் கலங்கிய நீரில் இதற்கு நேர்மாறு. துகள்கள் ஒளியைச் சிதறடிக்கும்; கருவி அதையும் விழுங்கிய ஒளியாகவே எண்ணும். பினான்த்ரோலின் மட்டும் சேர்க்காத அதே நீரை ஒருமுறை படித்து அந்த ரீடிங்கைக் கழித்துக்கொள்வது இதற்குப் பரிகாரம்.

இந்தக் கிணற்று நீரை இப்போது தூவிவிழச் செய்து காற்றுப்படுத்தி, மணல் வடிகட்டியில் விடுகிறார்கள் என்று கொள்வோம். வடிந்த நீர் 25 மி.லி. எடுத்து அதே முறையில் செய்தால் ரீடிங் 0.02. இதை வைத்துக் கணக்கிட்டால் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம். ஆனால் ரீடிங்கில் 0.01 ஏறி இறங்கினாலே விடை 0.1இலிருந்து 0.3 வரை ஆடும். கறை படியும் எல்லை அந்த 0.3தான். இந்த நேரத்தில் ஆய்வாளர் அலமாரியிலிருந்து 5 செ.மீ. நீளமுள்ள குவெட்டை எடுப்பார். விதியில் உள்ள l ஐந்து மடங்காகிறது. ஸ்டாண்டர்டுகளையும் அதே குவெட்டில், 0.05 முதல் 0.5 மில்லிகிராம் வரையிலான சின்னச் செறிவுகளில் மறுபடி தயாரித்துப் படித்துப் புதிய கோடு வரைவார். பழைய கோட்டைவிட அது ஐந்து மடங்கு செங்குத்தாக ஏறும். வடிகட்டிய நீர் இப்போது 0.10 என்று காட்டும். அதே 0.01 ஆட்டத்துக்கு விடை 0.18க்கும் 0.22க்கும் இடையில் நின்றுவிடும்.